காரணிச் செடியில் எத்தனை இலை?

‘360-ஐக் காரணிச் செடி முறையில் பகாக் காரணிகளாகப் பிரித்து எழுதுக.’ வகுப்புத் தேர்வில் இந்த வினாவைக் கொடுத்துவிட்டுத் திருத்த உட்கார்ந்தால், ஒரு தாளில் உள்ள செடி அடுத்த தாளில் இருக்காது. ஒரு மாணவி 2, 180 என்று தொடங்கி, 180-ஐ 2, 90 என்றும், 90-ஐ 2, 45 என்றும், 45-ஐ 3, 15 என்றும், 15-ஐ 3, 5 என்றும் பிரித்துப் பக்கத்தின் அடிவரை இறங்கியிருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் 18, 20 என்று தொடங்கி, 18-ஐ 2, 9 என்றும், 20-ஐ 4, 5 என்றும், பிறகு 9-ஐ 3, 3 என்றும், 4-ஐ 2, 2 என்றும் பிரித்து மூன்றே வரியில் முடித்திருப்பான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டாவது வகைச் செடிக்கு நான் அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ‘சிறிய பகா எண்ணிலிருந்து வரிசையாகத் தொடங்கவில்லை’ என்பது அன்று நான் சொன்ன காரணம். அது பிழை. வினா செடியைத்தான் கேட்டது, வரிசையைக் கேட்கவில்லை. அந்தத் தவறை உணர்ந்த பிறகு, இவ்வளவு வேறுபட்ட செடிகளில் மாறாமல் இருப்பது எது, மாறுவது எது என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன். மாணவர்களையும் எண்ணச் சொல்கிறேன். அந்த எண்ணிக்கையைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

முதலில் பெயர்கள். செடியின் உச்சியில் இருக்கும் 360 வேர். எழுதப்பட்ட ஒவ்வோர் எண்ணும் ஒரு முனை. இரண்டு எண்களை இணைக்கும் கோடு விளிம்பு. ஓர் எண்ணுக்கு நேர் கீழே, அதிலிருந்து பிரிந்து நிற்பவை அதன் பிள்ளைகள். பிள்ளைகள் உள்ள முனை உள்முனை. பிள்ளை இல்லாதது இலை. வேரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள இலைக்குப் போகும் வழியில் எத்தனை விளிம்புகளோ, அதுவே மரத்தின் உயரம். வேர் மேலே, இலை கீழே என்று தலைகீழாக இருப்பதைப் பார்த்து மாணவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், பெயர்கள் மனத்தில் நிற்கும்.

இப்போது மேலே சொன்ன இரண்டு செடிகளையும் எண்ணுவோம். மாணவியின் நீளமான செடியில் இலைகள் 2, 2, 2, 3, 3, 5. ஆக ஆறு. உள்முனைகள் 360, 180, 90, 45, 15. ஆக ஐந்து. மொத்தம் 11 எண்கள், 10 கோடுகள். பையனின் அகலமான செடியிலும் இலைகள் அதே ஆறுதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. உள்முனைகள் 360, 18, 20, 9, 4. அதே ஐந்து. மொத்தம் 11, கோடுகள் 10. உள்முனையில் உள்ள எண்கள் வேறு. அவற்றின் எண்ணிக்கை வேறல்ல. மாறியது உயரம் மட்டும்: அவளுக்கு 5, அவனுக்கு 3. வகுப்பில் இன்னொருவர் 2, 180 என்று தொடங்கி, 180-ஐ 10, 18 என்று பிரித்தால் உயரம் 4 வரும்.

இலை ஆறாக இருப்பதற்குக் காரணம் நமக்குத் தெரிந்ததுதான். எப்படிப் பிரித்தாலும் பகாக் காரணிகள் அவையே. ஆனால் இலை ஆறு என்றால் பிரித்த தடவை ஐந்தாகத்தான் இருக்க வேண்டும் என்பது எண்களைப் பற்றிய செய்தியே அல்ல. அது மரத்தின் வடிவத்தைப் பற்றிய செய்தி. இதைப் புரிய வைக்க எண்களை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தாளைக் கிழிப்பதே நல்லது.

ஒரு பழைய வினாத்தாளை எடுத்துக்கொண்டு வகுப்பின் முன் நில்லுங்கள். அதை மூன்றாகக் கிழியுங்கள். இனி விதி ஒன்றுதான்: கையில் இருக்கும் ஏதேனும் ஒரு துண்டை எடுத்து அதை மூன்றாகக் கிழிக்கலாம். எந்தத் துண்டு, பெரியதா சிறியதா என்பது கிழிப்பவர் விருப்பம். கேள்வி: இப்படியே கிழித்துச் சரியாக 50 துண்டுகள் கொண்டுவர முடியுமா?

முடியும் என்று பாதி வகுப்பு சொல்லும். இரண்டு மூன்று குழுக்களிடம் தாள் கொடுத்தால் ஒரு குழு 49-இல் நிற்கும், ஒரு குழு 51-இல் நிற்கும். ‘50 வந்துவிட்டது’ என்று ஒரு குழு கத்தினால் அவர்கள் எங்கோ ஒரு துண்டை இரண்டாகக் கிழித்திருப்பார்கள், அல்லது ஒரு துண்டு பெஞ்சுக்கு அடியில் விழுந்திருக்கும். தேடச் சொல்லுங்கள், கிடைக்கும்.

காரணம் எளிது. ஒரு துண்டைக் கிழிக்கும்போது கையிலிருந்து ஒன்று போகிறது, மூன்று வருகிறது. ஆக ஒவ்வொரு முறையும் இரண்டு கூடுகிறது. தொடக்கத்தில் ஒன்று. எனவே 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையாகவே போகும். 20 முறை கிழித்தால் 1 + 2 × 20 = 41 துண்டுகள். 50 ஒருநாளும் வராது.

இந்தக் கிழித்தலைக் கரும்பலகையில் மரமாக வரையுங்கள். முழுத்தாள் வேர். கிழிக்கப்பட்ட ஒவ்வொரு துண்டும் உள்முனை; அதற்குச் சரியாக மூன்று பிள்ளைகள். கையில் மிஞ்சிய துண்டுகள் இலைகள். இவ்வாறு ஒவ்வோர் உள்முனைக்கும் ஒரே எண்ணிக்கையில் பிள்ளைகள் உள்ள மரத்தை முழு மரம் என்கிறோம். பிள்ளைகளின் எண்ணிக்கையை m என்போம். காரணிச் செடியில் m = 2, தாள் கிழித்தலில் m = 3.

உள்முனைகள் i என்றால் மொத்த முனைகள் எத்தனை? இதற்கு ஒரு கேள்வி போதும்: ‘ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது?’ முதல் தாள் எதிலிருந்தும் வரவில்லை. மற்ற ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு கிழித்தலில் பிறந்தது, அதுவும் ஒரே ஒரு கிழித்தலில். ஒரு கிழித்தலுக்கு m துண்டுகள் பிறக்கின்றன. I கிழித்தல்களுக்கு mi. வேரைச் சேர்த்தால்

n = mi + 1

விளிம்புகளை எண்ணவும் இதே கேள்விதான். வேரைத் தவிர ஒவ்வொரு முனைக்கும் மேல்நோக்கி ஒரே ஒரு கோடு போகிறது. ஆகவே விளிம்புகள் n − 1, அதாவது mi. மொத்த முனைகளிலிருந்து உள்முனைகளைக் கழித்தால் இலைகள்:

l = (m − 1)i + 1

ஒவ்வொரு முறையும் ஒன்று போய் m வருகிறது, ஆகவே m − 1 கூடுகிறது என்று கையில் பார்த்ததைத்தான் இந்த வாய்பாடு சொல்கிறது. இதை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு இதுவரை வந்ததில்லை. மறந்தவர்கள் ஒரு தாளை எடுத்து இரண்டு முறை கிழித்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இலைகளைக் கொடுத்து உள்முனைகளைக் கேட்டால் திருப்பிப் போட வேண்டும்: i = (l − 1) / (m − 1). இங்கே வகுத்தல் மீதியின்றி முடிய வேண்டும். முடியாவிட்டால் அப்படி ஒரு முழு மரம் இல்லை என்று பொருள். 50 துண்டுகளுக்கு 49-ஐ 2-ஆல் வகுக்க வேண்டும், முடியவில்லை. காரணிச் செடிக்கு m − 1 = 1 என்பதால் வகுத்தல் தானாகவே முடிந்துவிடுகிறது, பிரித்தல்கள் எப்போதும் இலைகளைவிட ஒன்று குறைவு. 360-க்கு ஆறு இலை, ஐந்து பிரித்தல். அந்த இரண்டு மாணவர்களின் செடிகள் ஒத்துப்போனதற்குக் காரணம் இதுதான்.

விடைத்தாள் திருத்தும்போது இந்த எண்ணிக்கை ஓரளவுக்கு உதவுகிறது. எந்த அளவுக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். m = 2 ஆகும்போது மொத்த முனைகள் 2i + 1; இது எப்போதும் ஒற்றை எண். ஒரு மாணவி 18, 20 என்று தொடங்கி எல்லாம் சரியாகச் செய்து, 4-க்குக் கீழே மட்டும் ஒரே ஒரு 2 எழுதியிருந்தாள். அவள் செடியில் எண்கள் 10. இரட்டை எண் வந்ததுமே எங்கோ ஒரு பிள்ளை விடுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அவள் எழுதிய விடையும் 2 × 3 × 3 × 2 × 5, அதாவது 180. பாதி காணாமல் போயிருந்தது.

ஆனால் 9-ஐப் பிரிக்காமல் நிறுத்திவிட்ட மாணவனை இந்த எண்ணிக்கை பிடிக்காது. அவனுக்கு இலைகள் 2, 9, 5, 2, 2 என ஐந்து, உள்முனைகள் நான்கு, மொத்தம் ஒன்பது. மரம் ஒழுங்கான முழு மரம்தான். வளர்ந்து முடியவில்லை, அவ்வளவே. 5-ஐ 1, 5 என்று பிரித்தவனுக்கும் அப்படியே: ஏழு இலை, ஆறு பிரித்தல், வாய்பாடு பொருந்துகிறது, ஆனால் 1 பகா எண் அல்ல. இந்த இரண்டையும் பிடிக்க இலைகளைத்தான் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வேகமான மாணவன் ஒருவன் 360-ஐ ஒரே அடியில் 3, 10, 12 என்று மூன்றாகப் பிரித்தான். பிறகு 10-ஐ 2, 5 என்றும், 12-ஐ 3, 4 என்றும், 4-ஐ 2, 2 என்றும் பிரித்தான். எழுதிய எண்கள் 10, இரட்டை எண். ஆனால் விடை முழுக்கச் சரி. ஓர் உள்முனைக்கு மூன்று பிள்ளை, மற்றவற்றுக்கு இரண்டு என்பதால் அது நாம் பேசும் வகை மரமே அல்ல. வாய்பாடு அங்கே செல்லாது. அவனுடைய செடிக்கு ஒவ்வொரு பிரித்தலாகக் கூட்ட வேண்டும்: 1-இல் தொடங்கி, மூன்றாகப் பிரித்ததற்கு 2, இரண்டாகப் பிரித்த மூன்று இடங்களுக்கு ஒவ்வொன்று. 1 + 2 + 1 + 1 + 1 = 6. இலை ஆறு வந்துவிட்டது. ‘ஒவ்வோர் உள்முனைக்கும் ஒரே எண்ணிக்கையில் பிள்ளைகள்’ என்ற நிபந்தனை எதற்கு என்பதை இந்த ஒரு செடி நன்றாகக் காட்டிவிடும்.

இனி உயரம். இங்கேதான் மாணவர்களும், சில வேளைகளில் நாமும் சறுக்குகிறோம். 41 துண்டுகள் என்று சொன்னால் கிழித்தல் 20, மொத்த முனைகள் 61, விளிம்புகள் 60 என்று உடனே சொல்லிவிடலாம். உயரம் எவ்வளவு என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. இரண்டு எல்லைகள்தான் சொல்ல முடியும்.

மேல் எல்லையை முதலில் பார்ப்போம். வேரிலிருந்து மிக ஆழமான இலைக்கு ஒரு வழி போகிறது. அந்த வழியில் இலையைத் தவிர மற்ற எல்லாம் உள்முனைகள். உயரம் h என்றால் அவை h உள்முனைகள். மரத்தில் இருப்பதே i உள்முனைகள் என்பதால் h அதைத் தாண்ட முடியாது. நமது தாளுக்கு 20.

கீழ் எல்லைக்கு, ஒரு மட்டத்தில் அதிகபட்சம் எத்தனை முனைகள் இருக்க முடியும் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மட்டமும் முந்தையதைப் போல் அதிகபட்சம் m மடங்கு: 1, 3, 9, 27, 81. உயரம் 3 என்றால் இலைகள் 27-ஐத் தாண்டாது. 41 துண்டுகள் வேண்டும் என்றால் உயரம் குறைந்தது 4. பொதுவாகச் சொன்னால், இலைகளின் எண்ணிக்கையைத் தொடும் அல்லது தாண்டும் முதல் m அடுக்கைக் கண்டுபிடித்து, அதன் படிக்குறியை எடுத்துக்கொள்ள வேண்டும். மடக்கை தெரிந்த மேல்நிலை மாணவர்களுக்கு log என்று எழுதிக் காட்டலாம். எட்டாம் வகுப்புக்கு 3, 9, 27, 81 என்று எழுதிக்கொண்டே போவது போதும்.

உயரம் 4-இல் 41 துண்டுகளை உண்மையில் கொண்டுவர முடியுமா என்பதையும் சரிபார்க்க வேண்டும். முதல் மூன்று மட்டங்களிலும் உள்ள எல்லாவற்றையும் கிழித்தால் 1 + 3 + 9 = 13 கிழித்தல்; கையில் 27 துண்டுகள். இன்னும் 7 கிழித்தல் பாக்கி. 27-இல் ஏழை எடுத்துக் கிழித்தால் 20 துண்டுகள் மூன்றாம் மட்டத்திலும் 21 துண்டுகள் நான்காம் மட்டத்திலும் நிற்கும். 20 + 21 = 41. முடிகிறது.

உயரம் 20 வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறந்த மூன்றில் ஒன்றை மட்டும் தொடர்ந்து கிழித்துக்கொண்டே போக வேண்டும். ‘அவ்வளவு சிறிய துண்டைக் கிழிக்க முடியாதே சார்’ என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சமமாகவே கிழித்தால் ஏ4 தாள் நான்காம் மட்டத்திலேயே சுமார் 2.8 செ.மீ. பக்கமுள்ள சதுரம் அளவுக்கு வந்துவிடுகிறது. இருபதாம் மட்டத்தில் அது 348 கோடிக்கும் மேற்பட்ட பங்குகளில் ஒரு பங்கு. ஆனால் சமமாகக் கிழிக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. தாளின் நீளம் 29.7 செ.மீ. அதன் ஓரத்திலிருந்து 7 மி.மீ. அகல நாடாக்களாக இரண்டைக் கிழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியிலிருந்து மறுபடி இரண்டு நாடா. இருபதாவது முறை முடியும்போது 41 நாடாக்கள் மேசைமேல் கிடக்கும். அந்த மாணவியே அளவுகோலை வைத்துக் கிழித்துக் காட்டினாள். மரத்துக்குத் துண்டின் அளவு தெரியாது. எதிலிருந்து எது வந்தது என்பது மட்டுமே தெரியும்.

இதில் பரவலான பிழை ஒன்று உண்டு. இலைகள் எப்போதும் mʰ என்று எழுதுவது. 3, 9, 27 என்று அழகாக வளரும் படத்தைத்தான் நாம் கரும்பலகையில் வரைகிறோம், அதனால் மாணவர்கள் அதையே பொதுவிதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். எல்லா இலைகளும் ஒரே மட்டத்தில் நின்றால் மட்டுமே அது உண்மை. படம் வரையும்போது முதலிலேயே ஒரு கோணலான மரத்தை வரைந்துவிட்டால் இந்தப் பிழை பெரும்பாலும் வருவதில்லை.

உயரம் எங்கே பயன்படுகிறது என்பதற்கு உடற்கல்வி ஆசிரியரிடம் போகலாம். நாக்-அவுட் கபடிப் போட்டியின் ஃபிக்சர் ஒரு முழு மரம். ஒவ்வோர் ஆட்டமும் இரண்டு பிள்ளைகள் உள்ள உள்முனை, ஒவ்வோர் அணியும் ஓர் இலை, இறுதி ஆட்டம் வேர். 13 அணிகள் என்றால் 12 ஆட்டங்கள். ஃபிக்சரை எப்படிப் போட்டாலும் 12தான், ஏனென்றால் ஓர் ஆட்டத்தில் ஓர் அணி வெளியேறுகிறது. சுற்றுகளின் எண்ணிக்கைதான் உயரம். 8-க்கு மேல், 16-க்குள் என்பதால் குறைந்தது நான்கு சுற்று.

நான் மாணவர்களை அழைத்துச் சென்ற ஒருநாள் போட்டியில் 13 அணிகள் வந்திருந்தன. முந்தைய ஆண்டு வென்ற அணிக்கு மரியாதையாக நேரே இறுதி ஆட்டத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். மொத்த ஆட்டங்கள் 11 + 1 = 12 என்று எழுதியிருந்ததால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் மீதி 12 அணிகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே நான்கு சுற்று வேண்டும். இறுதி ஆட்டத்தோடு ஐந்து. எங்கள் அணி முதல் சுற்றிலிருந்து ஆடியது. நான்கு ஆட்டங்களையும் வென்று, ஐந்தாவதற்கு நின்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. எதிரே இருந்தவர்கள் அன்று முதல் தடவையாக மைதானத்தில் இறங்குகிறார்கள். எங்கள் பிள்ளைகளில் இருவருக்கு முழங்காலில் தோல் உரிந்திருந்தது. முடிவை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே 13 அணிகளுக்கு உயரம் 4 உள்ள ஃபிக்சர் இப்படி வரும். 16-இலிருந்து 13-ஐக் கழித்தால் 3. மூன்று அணிகளுக்கு முதல் சுற்றில் பை. மீதி 10 அணிகள் ஐந்து ஆட்டம். வென்ற ஐந்தும் பை பெற்ற மூன்றும் சேர்ந்து எட்டு. பிறகு நான்கு, இரண்டு, ஒன்று. 5 + 4 + 2 + 1 = 12. மரத்தில் பார்த்தால் பத்து இலைகள் நான்காம் மட்டத்திலும் மூன்று இலைகள் மூன்றாம் மட்டத்திலும் நிற்கின்றன. வெல்லும் அணி எதுவானாலும் மூன்று அல்லது நான்கு ஆட்டம்தான் ஆடியிருக்கும். முந்தைய ஆண்டின் வெற்றியாளருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் அந்த மூன்று பைகளில் ஒன்றைக் கொடுத்திருக்கலாம்.

திரும்பி வந்ததும் அந்த இரண்டு ஃபிக்சர்களையும் ஒன்பதாம் வகுப்பில் அருகருகே வரைந்து, பெயர் எதுவும் சொல்லாமல், இலை, உள்முனை, விளிம்பு, உயரம் நான்கையும் எண்ணச் சொன்னேன். 13, 12, 24 என்று முதல் மூன்றும் ஒன்றாக வந்தன. கடைசி வரியில் ஒரு பக்கம் 5, மறுபக்கம் 4. பின்வரிசையில் இருந்த, அன்று ஆடிய பையன் ஒருவன், ‘சார், இந்த ஐந்தில்தானே நாம் தோற்றோம்?’ என்றான்.